தனி ஆளாக ஓர் ஆண்டு அனிமேஷன்: கேள்வி பதில்

கோவை, அலுவலக ஊழியர்: அக்கா, நான்கு நிமிடக் குறும்படம். எல்லாம் கையால் வரையும் 2டி. வேலை முடிந்து வந்து வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்க முடியும். ஸ்டோரிபோர்டு தயார். ஓர் ஆண்டில் முடியுமா? நடுவில் உற்சாகம் வற்றாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

உற்சாகத்துக்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம். பாதியில் நின்றுபோன தனி ஆள் படங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை சோம்பலால் நிற்கவில்லை. எட்டு மாதம் உழைத்த பிறகும் கரை கண்ணில் படாததால் நின்றன.

ஸ்டோரிபோர்டிலிருந்து ஒரு நடுத்தர ஷாட்டை எடுங்கள். மிக எளியதும் வேண்டாம், சண்டைக் காட்சியும் வேண்டாம். நான்கு நொடி இருந்தால் போதும். ரஃப், கீ, இன்பிட்வீன், கிளீன்-அப், வண்ணம், பின்னணி, கம்பாசிட்டிங் என்று அந்த ஒன்றைக் கடைசிவரை முடியுங்கள். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். பதினான்கு மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு நொடிப் படத்துக்கு மூன்றரை மணி நேரம். நான்கு நிமிடம் என்பது 240 நொடி, அதாவது 840 மணி நேரம்.

உங்கள் கையில் இருப்பதோ தீபாவளி, பொங்கல், காய்ச்சல் போக 48 வாரம், 480 மணி நேரம். ஸ்டோரிபோர்டு படங்களை நேரப்படி அடுக்கி ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக்குக்கும் பாத்திர வரைவுத் தாளுக்கும் 80 போகும். ஒலி, டைட்டில், கடைசி ஒட்டு வேலைக்கு 60. மீதி 340. அதிலும் கால் பங்கைத் தொடாமல் வையுங்கள். ஏதாவது ஒரு ஷாட் நிச்சயம் சதி செய்யும். வரைவதற்கு உண்மையில் இருப்பது 255 மணி நேரம்.

840 எங்கே, 255 எங்கே! இது முதல் மாதத்தில் தெரிந்தால் வலிக்காது. வரைந்து முடித்த ஷாட்டை எட்டாவது மாதத்தில் தூக்கி எறியும்போதுதான் வலிக்கும்.

எனவே அனிமேட்டிக்கை இரண்டரை நிமிடமாக வெட்டுங்கள். பிறகு ஷாட்களை மூன்று தரமாகப் பிரியுங்கள். முழு உடல் நடிப்பு கேட்பவை 40 நொடி. அவற்றுக்கு மட்டும் உங்கள் மூன்றரை மணி நேரத்தைக் கொடுங்கள், 140 ஆகும். தலை, கை, வாய் மட்டும் அசைபவை 60 நொடி. நொடிக்கு ஒன்றரை வீதம் 90. வானம், காலியான அறை, மெல்ல நகரும் பின்னணி போன்றவை 50 நொடி. நொடிக்கு அரை மணி வீதம் 25. கூட்டினால் 255. பின் இரண்டு தரங்களுக்கும் நான் எழுதியது உத்தேசம்தான். தரத்துக்கு ஒரு ஷாட் முடித்துப் பார்த்து உங்கள் சொந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உற்சாகத்துக்கு இப்போது வருகிறேன். ஒரு ஷாட் முடிந்ததும் அனிமேட்டிக்கில் அதன் இடத்தில் பொருத்திவிடுங்கள். அப்படிச் செய்தால் எந்த வாரத்திலும் படத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஓட்டிப் பார்க்கலாம். பென்சில் கோடுகளுக்கு நடுவே வண்ண ஷாட்கள் கூடிக்கொண்டே போவது தெரியும். வாரம் ஒரு முறை பாருங்கள். தினமும் பார்த்தால் உங்கள் நகைச்சுவையே உங்களுக்குப் புளித்துவிடும்.

மதுரை, கல்லூரி மாணவர்: தினமும் ஒரு நொடி வரைந்தால் ஆண்டுக்கு 365 நொடி, ஆறு நிமிடப் படம் கிடைத்துவிடுமே? ஒரு நாள்கூட விடாமல் செய்தால் போதாதா?

பாதி சரி, தம்பி. இடைவெளி விடாமல் தொடுவது நல்லது. கதாபாத்திரத்தின் முகம் கைக்கு மறக்காது.

ஆனால் நொடி என்பது சம அளவு வேலை இல்லை. நொடிக்கு 24 ஃபிரேம். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தி வரைந்தாலும் நொடிக்குப் பன்னிரண்டு ஓவியம் வேண்டும். பாட்டி கண் சிமிட்டும் ஒரு நொடியை ஒரு மாலையில் முடித்துவிடலாம். அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி எழுந்து நிற்கும் ஒரு நொடிக்கு ஒரு வாரம் போகும், ஏனென்றால் துணி உடலுக்குப் பின்னால் தாமதித்து வர வேண்டும். அந்த வாரத்தில் உங்கள் தினசரிக் கணக்கு உடையும். உடைந்த அன்றைக்கே பலர் படத்தையும் விட்டுவிடுகிறார்கள். நொடியை எண்ணாமல் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள்.

எழுந்திருக்கும்போது வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டு எழாதீர்கள். அடுத்த போஸைக் கோணல்மாணலான ரஃப் கோடுகளில் போட்டு, பக்கத்தில் "இடது தோள் முதலில்" என்பது போல ஒரு குறிப்பை எழுதிவிட்டு எழுங்கள். மறுநாள் வெற்று ஃபிரேமைப் பார்த்து உட்கார வேண்டியிருக்காது.

சென்னை: மகோடோ ஷின்காய் "ஹோஷி நோ கோயே" படத்தைத் தன் வீட்டுக் கணினியில் தனியாகவே ஏழெட்டு மாதத்தில் செய்தார். 25 நிமிடப் படம். நம்மால் ஏன் முடியாது?

அந்தப் படத்தை ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். 2002இல் வந்த படம் அது. மேகம், ரயில் பாதை, காலி வகுப்பறை, கைபேசித் திரையில் ஓடும் எழுத்து என்று எத்தனை ஷாட்கள், அவற்றில் எத்தனையில் மனித உடல் முழுதாக அசைகிறது என்று கவனியுங்கள். மேலே நான் சொன்ன மூன்றாம் தரத்தைக் கொண்டே படத்தின் உணர்வை அவர் கட்டியிருக்கிறார். தூரத்தில் இருப்பவரின் செய்திக்குக் காத்திருப்பதுதான் கதை என்பதால் அந்த அசைவின்மை பொருந்தியும் போகிறது. கதையைத் தேர்ந்தெடுத்த இடத்திலேயே பாதி உழைப்பை அவர் மிச்சப்படுத்திவிட்டார் என்பது என் கருத்து.

இன்னும் இரண்டு விஷயம். வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் அதில் இறங்கினார். இசை அவருடையது அல்ல, டென்மோன் அமைத்தது. நீங்களும் இசையையாவது இன்னொருவரிடம் கொடுங்கள். ஒரு நண்பர் உங்கள் ஷாட்டுக்காகக் காத்திருக்கிறார் என்பது சுவரில் ஒட்டிய எந்த அட்டவணையையும்விட உங்களை நகர்த்தும்.

ஹைதராபாத், ஸ்டுடியோ அனிமேட்டர்: உங்கள் முதல் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. ஷாட் ஷாட்டாக முடிப்பது வீண் வேலை. நாங்கள் முழுப் படத்துக்கும் ரஃப் போட்டு, நேரம் சரிபார்த்து, பிறகுதான் கிளீன்-அப் தொடங்குவோம். ஒரே மாதிரி வேலையைத் தொடர்ந்து செய்தால் கோடும் சீராக வரும், வேகமும் கூடும்.

ஸ்டுடியோவில் அது சரியான முறை. முழு ரஃப் இருந்தால் தேவையற்ற ஷாட்டை மை படுவதற்கு முன்பே வெட்டலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கூடத்தில் கிளீன்-அப் செய்பவர் வேறு, வண்ணம் கொடுப்பவர் வேறு. தனி ஆளுக்கு அந்த முறையில் ஏழு மாதம் போயும் ஒரு முடிந்த ஷாட் இருக்காது. அடுத்து மூன்று மாதம் கிளீன்-அப் மட்டும். படங்கள் சாகும் இடம் அதுதான்.

கதையில் ஒரே இடத்தில் நடக்கும் ஐந்தாறு ஷாட்களை ஒரு கட்டாக எடுத்து, அந்தக் கட்டுக்குள் மட்டும் உங்கள் முறைப்படி செய்யச் சொல்வேன்.

அதே ஸ்டுடியோ அனிமேட்டர்: கட்டு மாறும்போது கோட்டின் தடிமன் மாறும், பாருங்கள். பெரிய திரையில் அது தெரியும்.

தெரியும்தான். பிரஷ் அளவையும் வண்ணத் தட்டையும் பூட்டி வைத்தால் குறையும், முழுதாகப் போகாது. எது பெரிய இழப்பு என்பதில் நாம் வேறுபடுகிறோம். மற்ற வாசகர்கள் இரண்டையும் செய்து பார்த்துச் சொல்லட்டும்.

திருச்சி: நான் பிளெண்டரில் 3டி செய்கிறேன். ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக ஆறு நிமிடம். இப்படியே போனால் ஓர் ஆண்டு போதாது. எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

நான் பேசியது கை உழைப்பின் மணிக்கணக்கு. உங்களுடையது இயந்திரத்தின் மணிக்கணக்கு. இரண்டரை நிமிடத்துக்கு 3,600 ஃபிரேம், ஆறு நிமிடம் வீதம் 360 மணி நேரம். இரவும் பகலும் ஓடினால் பதினைந்து நாள். ஒரு முறை என்றால் தாங்கலாம். பார்ப்பதற்காக ஒரு தரம், விளக்கு மாற்றி ஒரு தரம் என்று திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் ஆண்டை விழுங்குகிறது. சோதனைக்கு பிளெண்டரின் வேகமான ரெண்டர் முறையான ஈவியில் பாதி அளவில் ரெண்டர் செய்யுங்கள். இறுதி ரெண்டரை அசைவு முடிவான பிறகு வையுங்கள். கார்டு பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

யாழ்ப்பாணம்: அக்கா, ராத்திரியில் பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்துப்போகின்றன. கைப்பட்டை கட்டிக்கொண்டு வரையலாமா?

வரையாதீர்கள், தங்கை. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் மரத்துப்போவது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அது வெறும் தசை வலியிலிருந்து வேறு. ஆரம்பத்தில் பார்த்தால் பெரும்பாலும் எளிதாகவே சரிசெய்ய முடியும். பட்டை கட்டிக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தால் நரம்புக்கு ஓய்வே கிடைக்காது.

குணமான பிறகு, டேப்லெட்டில் நீளக் கோடுகளை மணிக்கட்டால் இழுக்காமல் முழங்கையிலிருந்து இழுங்கள். பேனா அழுத்த அமைப்பை மென்மையாக்குங்கள். கிளீன்-அப்பை இரண்டு நாள் தொடர்ந்து செய்தால் மூன்றாம் நாள் ஒலி அல்லது எடிட்டிங். உங்கள் அட்டவணையில் கைக்கு ஓய்வு நாள் ஒரு வரியாகவே இருக்க வேண்டும்.

சேலம்: ஏழாவது மாதம். இப்போது கை நன்றாகப் பழகிவிட்டது. முதலில் வரைந்த ஷாட்கள் அசிங்கமாகத் தெரிகின்றன. திரும்ப வரையத் துடிக்கிறேன்.

கை வளர்ந்ததன் அடையாளம் அது. ஆனால் இப்போது திரும்பினால், பத்தாவது மாதத்தில் ஏழாவது மாத ஷாட்கள் அசிங்கமாகத் தெரியும். ஒரு தாளில் "மறுபடி வரைய வேண்டியவை" என்று பட்டியல் போட்டு மூடிவிடுங்கள். கடைசி ஷாட் முடிந்த பிறகு, தொடாமல் வைத்த அந்தக் கால் பங்கு நேரத்தில் மிச்சம் இருந்தால் மூன்று ஷாட்களை மட்டும் திருத்துங்கள். முகம் பெரிதாகத் தெரியும் ஷாட்களாக இருக்கட்டும்.

இன்னும் தொடங்காதவர்களுக்கு ஒன்று: கதை வரிசையில் வரையாதீர்கள். நடுப்பகுதியிலிருந்து தொடங்கி, முதல் காட்சியையும் உச்சக்காட்சியையும் கை படிந்த பிறகு வரையுங்கள். பார்வையாளர் உங்களை எடைபோடுவது முதல் இருபது நொடியில்தான்.

பெங்களூரு: கோப்பைத் திறக்கிறேன், பிரஷை மாற்றுகிறேன், மூடிவிடுகிறேன். மூன்று வாரமாக இப்படி. சோம்பலா, சோர்வா?

புது பிரஷ், புது மென்பொருள், நாயகனின் தலைமுடியை மாற்றலாமா என்ற யோசனை எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் அது பெரும்பாலும் சோர்வுதான். பத்து நாள் கோப்பைத் திறக்காதீர்கள். திரும்பி வந்ததும் மூன்றாம் தரத்தில் ஒரு வான ஷாட்டை எடுங்கள். அது முடிந்ததும் அடுத்ததை வரையக் கை தானாகப் போனால் வேலையைத் தொடருங்கள். தூக்கமும் பசியும் கெட்டு மற்ற வேலைகளும் கசந்தால் பிரச்சினை படத்தோடு நிற்கவில்லை, மருத்துவரிடம் பேசுங்கள்.

உடல் தேறியும் மனம் போகவில்லை என்றால் அனிமேட்டிக்கை இதுவரை பார்க்காத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் பார்வை திரையைவிட்டு விலகுகிறது என்று பாருங்கள். அங்கே கதைதான் இறந்திருக்கிறது. எத்தனை வரைந்தாலும் எழாது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, முடிந்த ஷாட்களில் தானாக நிற்கும் ஐம்பது அறுபது நொடி கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அதற்கு ஒலி சேர்த்து, பெயர் போட்டு, இந்த மாதத்திலேயே வெளியிடுங்கள்.