கெட்டிலை இறக்கி வையுங்கள்

கேள்வி: தொழிற்புரட்சிக்கு முக்கியக் காரணம் நீராவி இயந்திரம்தானே? அதனால் கிராமத்துத் தொழிலாளிகளின் வாழ்க்கை எப்படி மாறியது?
– வாசகி ஒருவர், விருதுநகர்

பதில்: நீராவி! என் எட்டாம் வகுப்பு வரலாற்று வாத்தியார் அடுப்பில் ஏற்றிய கெட்டில் இன்னும் கொதிக்கிறது. சிறுவன் ஜேம்ஸ் வாட் பார்த்தானாம், மூடி ஆடியதாம், உலகம் மாறிவிட்டதாம். எங்கள் வீட்டு இட்லிப் பானை மூடி நாற்பது வருஷமாக ஆடுகிறது. இதுவரை வந்ததெல்லாம் இட்லிதான். வாட் பிறப்பதற்கு முன்பே, 1712இல், நியூகோமனின் நீராவி இயந்திரம் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தது. இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் வாத்தியார் என்னை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

1771இல் ஆர்க்ரைட் இங்கிலாந்தின் கிராம்ஃபோர்டில் தொடங்கிய பெயர்பெற்ற நூற்பாலையும் ஓடைத் தண்ணீரில்தான் ஓடியது. நீராவி பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

கதை தொடங்குவது நூல் பஞ்சத்தில். அகலத் துணி நெய்ய, தறியின் இரு பக்கமும் ஆள் நின்று, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை வீசிப் பிடிக்க வேண்டும். 1733இல் ஜான் கே அதைத் தள்ளிவிட ஒரு கயிறு வைத்தார். ஒருவரே இழுத்தால் நாடா பறந்தது. தறி வேகமானது, ராட்டை ஆகவில்லை. ஒரு நெசவாளிக்கு ஈடுகொடுக்க நாலைந்து பெண்கள் வீட்டில் உட்கார்ந்து நூற்க வேண்டும். இங்கிலாந்தில் கூலியோ அதிகம். இந்தியத் துணியோடு போட்டி வேறு. நூற்கும் கையைக் குறைக்கும் இயந்திரத்துக்குப் பணம் போட ஆள் கிடைத்தது இதனால்தான்.

நெசவாளி ஹார்கிரீவ்ஸ் அப்படி ஓர் இயந்திரம் செய்து, ஒரே சக்கரத்தில் எட்டு இழை நூற்றார். அக்கம்பக்கத்தார் 1768இல் அவர் வீடு புகுந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள். மனிதர் நாட்டிங்ஹாமுக்கு ஓடினார். பிழைப்பு போகிறதென்று ராட்டைக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது.

சரி, தொழிலாளிக்கு வருவோம். கிராம்ஃபோர்டில் 1776இல் ஆர்க்ரைட் கட்டிய மூன்று மாடி வீடுகள் இன்றும் நிற்கின்றன. மேல் மாடியில் மட்டும் நீளமான ஜன்னல், தறிக்கு வெளிச்சம் வேண்டுமே! கணவன் மேலே நெய்தான்; மனைவியும் பிள்ளைகளும் மணியடித்ததும் ஆலைக்குப் போனார்கள். 12 மணி நேர ஷிப்ட். அதற்கு முன் நெசவாளிக்கு அவன்தான் மணி. திங்கட்கிழமை தறி ஓடாது. அதற்குப் 'புனிதத் திங்கள்' என்று பேரே உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி மெழுகுவர்த்தி வைத்து முடிப்பான்.

மாடியில் இருந்தவன் தப்பித்தானா என்றால், கொஞ்ச காலம்தான். ஆலை நூல் மலிவாகக் கொட்டியபோது நெசவாளிக்கு நல்ல கூலி. அதைப் பார்த்துப் பலரும் தறியில் உட்கார, கூலி சரிந்தது. கார்ட்ரைட்டின் விசைத்தறி 1785லேயே வந்தாலும் உருப்படியாக ஓடப் பல பத்தாண்டுகள் ஆயின. ஓடியதும், ஆலைக்குள் கால் வைக்காமல் வீம்பாக வீட்டில் நெய்தவன்தான் பட்டினி கிடந்தான்.

எங்கள் பிழைதிருத்துநர் இன்றுவரை புனிதத் திங்களைக் கைவிடவில்லை. இந்தப் பக்கம் அச்சுக்குப் போவதும் திங்கட்கிழமைதான். 'ஆர்க்ரைட்' எங்காவது 'ஆக்ரைட்' ஆகியிருந்தால் கடிதம் எனக்கு எழுதாதீர்கள்.