முகம் மாற்ற 16 ஜிபி கார்டு வேண்டுமா?

கேள்வி: தாத்தாவின் பழைய போட்டோவை வைத்து, அவர் முகத்தோடு லைவில் கதை சொல்லும் சேனல் ஆரம்பித்திருக்கிறேன். முகத்தை மாற்ற Deep-Live-Cam, லைவில் ஒளிபரப்ப OBS இரண்டையும் பயன்படுத்துகிறேன். கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650, மெமரி 4 ஜிபி. படம் விட்டு விட்டு வருகிறது, உதடு குரலுக்குப் பின்னால் அசைகிறது. கடைக்காரர் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 16 ஜிபி வாங்கச் சொல்கிறார். 4கே வெப்கேமும் சேர்த்து வாங்கலாமா?

பதில்: இரண்டுக்கும் இப்போதைக்குப் பணத்தை எடுக்க வேண்டாம். முதலில் மாற்றிய முகத்தைத் தெளிவாக்கும் face enhancer டிக்கை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், பாதி நோய் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

30 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். அதற்குள் முகத்தைக் கண்டுபிடித்து, மாற்றி, திரும்ப ஒட்டியாக வேண்டும். உதாரணத்துக்கு, உங்கள் கார்டில் இதற்கெல்லாம் 70 ஆகிறது என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 14 ஃபிரேம் வரும். என்ஹான்சர் அதன் மேல் இன்னொரு 150 சேர்த்தால் மொத்தம் 220, அதாவது நாலரை ஃபிரேம். அதைத்தான் நீங்கள் விட்டு விட்டு வருகிறது என்கிறீர்கள்.

என்ஹான்சரை எடுத்தால் முகம் மங்கலாகுமே என்பீர்கள். ஆகும்தான், ஏனென்றால் முகத்தை மாற்றும் inswapper மாடல் தருவதே 128க்கு 128 பிக்சல் முகம். கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகம் திரையில் 400 பிக்சலுக்கு வந்தால், அந்தச் சின்னப் படத்தை மூன்று மடங்கு இழுத்து ஒட்டுகிறது. கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள், முகம் 200 பிக்சல் அளவுக்கு வந்தால் மங்கல் அவ்வளவாகத் தெரியாது. 4கே கேமரா வேண்டாம் என்றதும் இதனால்தான், எவ்வளவு தெளிவான முகத்தைக் கொடுத்தாலும் திரும்பி வருவது அதே 128தான். கேமராவுக்கு வைத்த காசில் ஒரு நல்ல விளக்கு வாங்குங்கள், வெளிச்சம் போதாவிட்டால் பல வெப்கேம்கள் தாமாகவே 15 ஃபிரேமுக்கு இறங்கிவிடும், அப்புறம் எந்தக் கார்டைப் போட்டாலும் அதற்கு மேல் புது ஃபிரேம் வராது.

அடுத்து, வேலையைக் கார்டுதான் செய்கிறதா என்று பாருங்கள். நிறையப் பேருக்கு அது சத்தமில்லாமல் சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும். இப்படித் தொடங்குங்கள்:

```
python run.py --execution-provider cuda
```

ஓடும்போது இன்னொரு விண்டோவில் nvidia-smi கொடுங்கள். முகம் மாறத் தொடங்கியதும் கார்டின் மெமரி கணக்கு நன்றாக ஏற வேண்டும். அசையாமல் நின்றால் சிபியுதான் உழைக்கிறது, மாடல்களைக் கார்டில் ஓட்டும் onnxruntime-gpu சரியாக ஏறவில்லை என்று அர்த்தம்.

சரி, 16 ஜிபி விஷயம். மெமரி என்பது பாத்திரம் மாதிரி, மாடல்கள் உள்ளே அடங்கினால் போதும், பெரிய பாத்திரத்தில் சோறு சீக்கிரம் வேகாது. inswapper கோப்பே அரை ஜிபி சொச்சம்தான். 4060 டிஐ 8, 16 இரண்டிலும் சிப் ஒன்றுதான், இந்த வேலைக்கு அந்தக் கூடுதல் 8 ஜிபி ஒரு ஃபிரேம்கூடத் தராது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண் அதுதானே, அதைச் சொல்லி விற்பது சுலபம்.

உங்கள் 4 ஜிபியில் மாடல்கள், என்ஹான்சர், OBS எல்லாம் சேர்ந்தால் நிரம்பி வழியலாம், அது உண்மை. முன்பெல்லாம் அப்படி ஆனால் நிரல் எரர் காட்டி நின்றுவிடும். 2023க்குப் பிறகு வந்த என்விடியா டிரைவர்கள் விண்டோஸில் மிச்சத்தைச் சாதாரண ரேமுக்குத் தள்ளி ஓட்டுகின்றன, நிற்காது, ஆனால் ஆமை வேகம். டாஸ்க் மேனேஜரில் Shared GPU memory ஓடும்போது ஏறிக்கொண்டே போனால் இந்தக் கதைதான். அப்படி இருந்து, என்ஹான்சரும் வேண்டும் என்றால் மட்டும் 8 ஜிபி கார்டு பாருங்கள், அதுவும் மெமரிக்காக மட்டுமல்ல, வேகமான சிப்புக்காக.

உதடு பின்தங்குவது தனிப் பிரச்சினை. 30 ஃபிரேம் வழுவழுவென்று வந்தாலும் ஒவ்வொன்றும் கால் விநாடி தாமதமாக வரலாம், புது கார்டிலும் அது குறையுமே தவிர ஒழியாது. போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு கேமரா முன் பிடியுங்கள், போனும் OBS திரையும் ஒன்றாகத் தெரிய இன்னொரு போனில் போட்டோ எடுங்கள். கையில் 12.48, திரையில் 12.23 என்றால் தாமதம் 250 மில்லிசெகண்ட். ஐந்தாறு போட்டோ எடுத்துச் சராசரி பாருங்கள், ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும். OBS-இல் Advanced Audio Properties திறந்து மைக்கின் Sync Offset கட்டத்தில் அந்த எண்ணைப் போட்டால் குரலும் அதே அளவு பின்னால் வரும். துல்லியமாக அமையாவிட்டால் குரல் கொஞ்சம் பிந்தட்டும், முந்தினால்தான் கண்ணை உறுத்தும். என்ஹான்சரை மறுபடி போட்டாலோ எடுத்தாலோ இந்த எண் மாறிவிடும், திரும்ப அளந்துவிட்டு லைவுக்குப் போங்கள்.