பீம்ஃபார்மிங், எம்யூ-மைமோ, ஓஎஃப்டிஎம்ஏ: வீட்டுக்கு எது?

"வைஃபை 6 ரூட்டர் பெட்டியில் இதெல்லாம் போட்டிருக்கிறதே, வீட்டில் எது உதவும்?"

நிறையக் கருவிகள் இருந்தால் ஓஎஃப்டிஎம்ஏ. பழைய வைஃபையில் ஒரு சின்னச் செய்திக்கும் மொத்தச் சேனலையும் ஒரே போன் பிடித்துக்கொள்ளும், மற்றவை காத்திருக்கும். ஓஎஃப்டிஎம்ஏ 20 மெகாஹெர்ட்ஸ் சேனலை 9 துண்டுகள் வரை பிரித்து ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குக் கொடுக்கிறது. ஆளுக்கொரு லாரி அனுப்பாமல் ஒரே லாரியில் ஒன்பது வீட்டுப் பார்சலையும் ஏற்றுகிற மாதிரி. ஆனால் போனும் குறைந்தது வைஃபை 6 ஆக இருக்க வேண்டும்.

எம்யூ-மைமோ என்பது பல ஆன்டெனாக்களை வைத்து ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குத் தனித்தனியாக அனுப்புவது. ஒரே நேரத்தில் பலர் பெரிய கோப்புகளை இறக்கினால்தான் அதன் பலன் தெரியும். வீட்டில் அது அபூர்வம்.

பீம்ஃபார்மிங் என்பது பல ஆன்டெனாக்களின் அலைகள் உங்கள் போனில் வந்து ஒன்றுசேரும்படி நேரம் பார்த்து அனுப்புவது. அடுத்த அறையில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். அது சுவரைத் துளைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கான்கிரீட் சுவர் தடுத்தால் ரூட்டரை நகர்த்துவது நல்லது.