‘மாற்றமில்லை’ என்று எழுத என்ன ஆதாரம்?

கேள்வி: நான் மோட்டார் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். ஜூன் 10 அன்று நிர்வாக இயக்குநர் நான்கு பக்க மறுசீரமைப்பு அறிவிப்பு வெளியிட்டார். ஒவ்வொரு குழுவுக்கும் என்ன மாறுகிறது, இனி யாருக்குக் கீழ் வேலை, எப்போதிலிருந்து, எந்தப் பணியிடங்கள் என்று ஒரே பக்கத்தில் சுருக்கித் தரச் சொன்னார்கள். விற்பனை, சர்வீஸ், கணக்கு மூன்றையும் எழுதிவிட்டேன். உதிரிபாக டெஸ்பாட்ச் பற்றி அறிவிப்பில் ஒரு வரிதான் இருக்கிறது; அதனால் அங்கே ‘மாற்றமில்லை’ என்று போட்டேன். (என் சித்தப்பா மகன் அந்தப் பிரிவில்தான் இருக்கிறான். எதற்கும் வேறு வேலை பார்த்து வை என்று அவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.) சுருக்கம் தெளிவாக இல்லை என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். நடையை எப்படி எளிமையாக்குவது? அறிவிப்பு, இப்போதைய அமைப்புப் படம், என் பக்கம் மூன்றையும் இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: நடையைப் பற்றிப் பேச இங்கே எதுவும் இல்லை, சகோதரி. அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கிவைத்த அந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றித்தான் பேச வேண்டும். தம்பியை வேறு வேலை பார்க்கச் சொன்ன அதே கையால், அவன் பிரிவுக்கு நேரே ‘மாற்றமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் நம்பியிருக்க முடியும். தம்பியிடம் சொன்னதைத்தான் நம்பினீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம்பியதைச் சொந்தக்காரனுக்குச் சொல்லிவிட்டு, நம்பாததை அவன் பிரிவில் உள்ள மற்ற 8 பேருக்கு அலுவலகத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மேலாளர் இதைக் கண்டுபிடித்தாரோ இல்லையோ, பக்கம் தெளிவாக இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் உள்மனம் எதைக் கண்டு பயந்தது என்பதைத் தாளில் தேடினேன். அதிக நேரம் ஆகவில்லை. அறிவிப்பைத் துறைத் தலைப்பு வாரியாகப் படித்து, எந்தத் தலைப்பின் கீழ் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அந்தக் குழுவுக்கு மாற்றம் என்று எடுத்துக்கொண்டீர்கள். மறுசீரமைப்பு அறிவிப்பை அப்படிப் படிக்கக் கூடாது. முதலில் இப்போதைய அமைப்புப் படத்தை மேசையில் விரித்து, அதில் உள்ள ஒவ்வொரு பணியிடமாக எடுத்து, அதற்கு மேலே இருப்பவர் ஜூலை 1 அன்றும் அங்கேயே இருக்கிறாரா என்று அறிவிப்பில் தேட வேண்டும். உங்கள் படத்தில் உதிரிபாக டெஸ்பாட்ச் சூபர்வைசர் சர்வீஸ் மேலாளருக்குக் கீழ் வருகிறார். அறிவிப்பின் இரண்டாம் பக்கத்திலோ, ஜூலை 1 முதல் விற்பனையும் சர்வீஸும் ஒரே வாடிக்கையாளர் பிரிவாக இணைவதாகவும், சர்வீஸ் மேலாளர் பணியிடம் நீக்கப்பட்டு, அவர் தரக் கட்டுப்பாட்டுக்குச் செல்வதாகவும் எழுதியிருக்கிறது. அப்படியானால் ஜூலை 1 காலையில் டெஸ்பாட்ச் சூபர்வைசர் யாருக்குக் கீழ்? புதிய வாடிக்கையாளர் பிரிவுத் தலைவருக்கா, தொழிற்சாலை மேலாளருக்கா? அறிவிப்பு சொல்லவில்லை. அந்த 9 பேரின் ஓவர்டைம் தாளில் யார் கையெழுத்துப் போடுவார், விடுப்பை யார் அனுமதிப்பார், ஆண்டு இறுதி மதிப்பீட்டை யார் எழுதுவார் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாத ஒரு குழுவை, எதுவும் மாறாத குழு என்று எழுதியிருக்கிறீர்கள்.

‘யாருக்குக் கீழ்’ என்பதை நான் எப்போதும் இந்த மூன்று கையெழுத்துகளாகப் பிரித்துத்தான் கேட்பேன். அன்றாட வேலையைச் சொல்பவர் ஒருவர், மதிப்பீடு எழுதுபவர் வேறொருவர் என்று பிரியும் இடங்கள் எல்லா மறுசீரமைப்பிலும் உண்டு. உங்கள் அறிவிப்பில் மதுரை, திருச்சி கிளைகளின் சர்வீஸ் பொறுப்பாளர்கள் “கிளை மேலாளரின் வழிகாட்டலில், வாடிக்கையாளர் பிரிவுத் தலைவருக்குப் பொறுப்பாக” இயங்குவார்கள் என்று இருக்கிறது. இதை நீங்கள் “இனி கிளை மேலாளருக்குக் கீழ்” என்று சுருக்கியது தவறு. வேலை சொல்பவர் கிளை மேலாளர். மதிப்பீடும் சம்பள உயர்வும் கோவையில் இருக்கும் தலைவர் கையில். சம்பள உயர்வுக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு இந்த வேறுபாட்டை விட முக்கியமான செய்தி அந்த நான்கு பக்கத்தில் வேறு இல்லை.

அடுத்து, கணக்குப் பார்க்கத் தவறியிருக்கிறீர்கள். அறிவிப்பின் கடைசிப் பக்கம் “மொத்தம் 14 பணியிடங்கள் மறுசீரமைக்கப்படும்” என்கிறது. உங்கள் பக்கத்தில் விற்பனையில் 2, சர்வீஸில் 5, கணக்கில் 1 என்று 8 வருகிறது. மீதி 6 எங்கே போயிற்று? டெஸ்பாட்ச்சில்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆள் இல்லாமல் கிடக்கும் காலியிடங்களையும் சேர்த்து 14 என்று எண்ணியிருக்கலாம், அல்லது அறிவிப்பில் பெயர் வராத வேறொரு பிரிவு இருக்கலாம். ஆனால் குழுவாரியாகப் பிரித்த எண்களைக் கூட்டி, அறிவிப்பில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தச் சுருக்கமும் மேசையை விட்டு எழக் கூடாது. கூட்டல் ஒத்துவராத இடத்தில்தான் எழுதியவர் மறைத்ததோ மறந்ததோ இருக்கும். ‘மறுசீரமைக்கப்படும்’ என்ற சொல்லையும் அப்படியே தூக்கி உங்கள் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். அதற்குள் பணியிடம் நீக்கப்படுவது, வேறு பிரிவுக்குப் போவது, பெயர் மட்டும் மாறுவது, ஊர் மாறுவது எல்லாம் அடங்கும். எது எது என்று ஒவ்வொரு பணியிடத்துக்கும் பிரித்து எழுதுங்கள். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

நாள்கள் விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்பாட்ச் பற்றிய அந்த ஒற்றை வரி, “இரண்டாம் காலாண்டில் பணிகள் முறைப்படுத்தப்படும்” என்பது. உங்கள் நிறுவனத்தின் கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் அது ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலம். ஆனால் லாரியில் பெட்டி ஏற்றுகிறவருக்கு ஆண்டு ஜனவரியில்தான் தொடங்குகிறது. அவர் அதை ஏப்ரல் முதல் ஜூன் என்று படித்து, ஜூன் முடிந்ததும் ஆபத்து கடந்துவிட்டதாக நிம்மதி அடைவார். அதனால் காலாண்டு என்று எழுதாதீர்கள், மாதப் பெயரை எழுதுங்கள். இன்னொன்று: அந்த ‘முறைப்படுத்தல்’ ஷிப்ட் மாற்றமாகவோ ஆள் குறைப்பாகவோ இருந்தால், தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டியிருக்கும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்த இந்த விதி, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பிலும் தொடர்கிறது. எல்லோருக்கும் பொதுவாகச் சுற்றுக்கு விடும் அறிவிப்பு அந்த முன்னறிவிப்பு ஆகிவிடாது. உங்கள் பக்கத்தில் சட்டம் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாளைக் குறிப்பிடும் முன், முன்னறிவிப்பு தனியாகக் கொடுக்கப்பட்டதா என்று நிறுவனத்தின் சட்ட ஆலோசகரிடம் கேட்பது உங்கள் வேலைதான்.

இவ்வளவையும் வைத்து அந்தப் பத்தியை நான் இப்படி எழுதுவேன்: “உதிரிபாக டெஸ்பாட்ச், 9 பேர். ஜூன் 30 வரை சர்வீஸ் மேலாளருக்குக் கீழ். அந்தப் பணியிடம் ஜூலை 1 முதல் இல்லை. அதன் பின் இந்தக் குழு யாருக்குக் கீழ் என்று அறிவிப்பில் குறிப்பிடப்படவில்லை, கேட்கப்பட்டுள்ளது. ஜூலை முதல் செப்டம்பருக்குள் இந்தக் குழுவின் பணிகள் ‘முறைப்படுத்தப்படும்’ என்று அறிவிப்பு சொல்கிறது. நாள், ஷிப்ட், பணியிடங்கள் பற்றிய விவரம் அதில் இல்லை.” இதில் ஒரு ஊகமும் இல்லை, ஓர் ஆறுதலும் இல்லை. அறிவிப்பு சொன்னது, சொல்லாதது, இன்னும் கேட்க வேண்டியது மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. ‘மாற்றமில்லை’ என்ற சொல்லை, “இந்தக் குழுவில் மாற்றம் கிடையாது” என்று அறிவிப்பே சொல்லும் இடத்தில் மட்டும் வையுங்கள். அறிவிப்பின் மௌனத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

இனி தம்பி விஷயம். சொந்தம் என்றால் காதோடு காதாக ஒரு செய்தி சொல்வதுதான் என்று நம் வீடுகளில் பலர் நினைக்கிறார்கள். நான் அதைச் சொந்தத்துக்குச் செய்யும் கடமையாக ஏற்றுக்கொள்வதில்லை. ஜூன் மாதம், பள்ளிக் கட்டணம் கட்டும் நேரம். அந்த 8 பேரில் யாரோ ஒருவர் உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு, வேலை நிலைக்கும் என்ற தைரியத்தில் நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்த்தால், அந்தக் கடனுக்கு நீங்களும் ஒரு காரணம். தம்பிக்கும் நீங்கள் நல்லது செய்துவிடவில்லை. உறுதியில்லாத ஒரு செய்தியை, உடன் வேலை செய்பவர்களிடம் சொல்ல முடியாத பாரமாக அவன் தலையில் வைத்திருக்கிறீர்கள். இன்றே அவனைக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னது உங்கள் ஊகம் மட்டுமே என்றும், அதை நம்பி ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம் என்றும், இனி இந்த விஷயத்தில் மற்றவர்களுக்கு வரும் தாள்தான் அவனுக்கும் வரும் என்றும் சொல்லிவிடுங்கள். நாளை அவன் வேலை போனால், அவன் வீட்டுக்கு அரிசியும் அவன் பிள்ளைக்குக் கட்டணமும் உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள். அக்காவின் கடமை அங்கே தொடங்குகிறது. அலுவலகத் தாளில் அதற்கு இடமில்லை.

உங்கள் மேலாளரிடமும் இதை மறைக்க வேண்டாம். நெருங்கிய சொந்தக்காரர் அந்தக் குழுவில் இருக்கிறார் என்று சொல்லி, டெஸ்பாட்ச் பத்தியை இன்னொருவர் சரிபார்க்கட்டும் என்று நீங்களே கேளுங்கள்.

பக்கத்தைத் திருத்தி அனுப்பும் முன், மூன்று கேள்விகளை எழுத்தில் நிர்வாக இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்: டெஸ்பாட்ச் ஜூலை 1 முதல் யாருக்குக் கீழ்; 14இல் மீதி 6 எவை, அவற்றில் காலியிடம் எத்தனை; முறைப்படுத்தல் என்பது ஷிப்ட்டா, இடமா, ஆளா. நீக்கப்படும் பணியிடங்களில் இப்போது இருப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் அவரவர் மேலாளர் நேரில் பேசி முடித்த பிறகே இந்தப் பக்கம் சுற்றுக்குப் போக வேண்டும். தன் பணியிடம் இல்லை என்பதை அறிவிப்புப் பலகையில் பார்த்து ஒருவர் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. பதில் வராத கேள்வி இருந்தால் பக்கத்தை நிறுத்திவைக்காதீர்கள். ‘கேட்கப்பட்டுள்ளது’ என்ற குறிப்போடும், எந்த நாள் நிலவரம் என்ற தேதியோடும் வெளியிட்டு, பதில் வந்த அன்றே அந்த வரியை மாற்றிப் புதுத் தேதியோடு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மறுபடி அனுப்புங்கள்.