பீரோவைத் திறந்தீர்களே, தம்பி!

"கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கியூ.சி. லேபில் இருக்கிறேன். மொத்தச் சம்பளம் 48,000, அதில் பேசிக் 24,000. ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்து, 30 நாளில் சேர வேண்டும். நோட்டீஸ் 90 நாள். மீதி 60 நாளுக்கு 96,000, அதன்மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 1,13,280 கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர் என்கிறார் ஹெச்.ஆர். கடைசி மாதச் சம்பளத்தையும் நிறுத்திவைப்பார்களாம். விலகும்போது 4 வருஷம் 10 மாதம்தான் ஆகும், அதனால் கிராஜுவிட்டி கிடையாதாம். 28 நாள் லீவு மீதி இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அம்மாவின் பீரோவில் எங்கேயோ கிடக்கிறது. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியை எடுத்துவைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை பேங்கில் வைக்கலாம் என்று. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தொகை சரிதானா?"
— வாசகர், மஞ்சக்குப்பம்

தம்பி, சங்கிலியை எந்த பீரோவிலிருந்து எடுத்தீர்கள்? ஆர்டர் கிடக்கிற அதே பீரோதானே? சங்கிலிக்காகத் திறந்த கை, இரண்டு சாண் தள்ளியிருக்கும் காகிதத்தை எடுக்கவில்லை. ஹெச்.ஆர். வாயால் சொன்ன ஒரு தொகைக்கு அம்மாவின் நகை வெளியே வந்துவிட்டது, நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் உள்ளேயே இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். பிள்ளை கேட்டு எந்த அம்மா சொல்லியிருக்கிறாள்? அதுவும் வெள்ளிக்கிழமையில் தங்கத்தை வீட்டை விட்டு அனுப்புவதாம்!

முதலில் அந்த ஆர்டரை எடுத்து, வேலையை விட்டு விலகுவது பற்றிய பத்தியைப் படியுங்கள். மூன்று மாத நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடாக "பேசிக்" என்று இருக்கிறதா, "கிராஸ்" என்று இருக்கிறதா? அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் கணக்கு பாதியாகிறது. பேசிக் என்றால் 24,000-ஐ 30-ஆல் வகுத்து, நாளைக்கு 800. அறுபது நாளுக்கு 48,000. கிராஸ் என்று எழுதியிருந்தால் மட்டும் 96,000. அதே பத்தியில் "நிர்வாகம் சம்மதித்தால்" என்று ஒரு வால் இருந்தால் கவனம்: பணம் தருகிறேன் என்று நீங்கள் சொன்னாலும் நோட்டீஸை முழுதாக முடிக்கச் சொல்ல அவர்களுக்கு இடமிருக்கிறது. சம்மதத்தை மெயிலில் வாங்காமல் ஸ்ரீபெரும்புதூருக்குத் தேதி சொல்லாதீர்கள்.

ஜிஎஸ்டி என்று போட்டிருக்கும் 17,280-ஐ அப்படியே அடித்துவிடலாம். நோட்டீஸ் பணம் பிடிப்பதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3-ம் தேதி, 178-ம் எண் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அந்த எண்ணைப் போட்டு ஒரு மெயில் அனுப்பினால் போதும்.

இப்போது வகுக்கும் எண். புதுச்சேரியில் ஒரு மில்லில் நான் சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, எனக்கு மேலே இருந்தவர் விலகிப் போகிறவர்களிடம் பிடிப்பதை 26-ஆலும், அவர்களுக்குக் கொடுப்பதை 30-ஆலும் வகுக்கச் சொல்வார். நானும் வாயைத் திறக்காமல் அப்படியே போட்டிருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது. நோட்டீஸ் நாட்களில் ஞாயிறும் சேர்ந்து ஓடுகிறது, ஆகவே 30-ஆல் வகுப்பதுதான் முறை. 26-ஆல் வகுத்தால் உங்கள் 48,000 சத்தமில்லாமல் 55,385 ஆகிவிடும். லீவு நாள் என்பது வேலை நாள், ஞாயிறு போக மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கு அதற்குப் பொருந்தும்: நாளைக்கு 923, இருபத்தெட்டு நாளுக்கு 25,846. லீவுக்கும் 30-தான் எங்கள் வழக்கம் என்று உங்கள் கம்பெனி சொன்னால் 22,400 வரும், அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பிடிப்பதற்கு 26, கொடுப்பதற்கு 30 என்று வந்தால் மட்டும் விடாதீர்கள்.

கூட்டிப் பார்ப்போமா? ஆர்டரில் பேசிக் என்றே இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். நிறுத்திவைக்கும் சம்பளம் 48,000, பி.எஃப். 2,880 போக 45,120. தொழில் வரி மாதிரிச் சில்லறைகளை விட்டுவிடுகிறேன். லீவுப் பணம் 25,846 சேர்ந்தால் 70,966. நோட்டீஸுக்கு 48,000 கழித்தாலும் கம்பெனிதான் உங்களுக்கு 22,966 தர வேண்டும். ஆர்டர் கிராஸ் என்றே சொன்னாலும் நீங்கள் தர வேண்டியது 25,034. அதற்கு இரட்டை வடமா?

உங்கள் சம்பளத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு முழுத் தொகையையும் வெளியிலிருந்து கொண்டுவரச் சொல்கிறார்கள், நீங்களும் நேராக அம்மாவிடம் போயிருக்கிறீர்கள். வரவையும் பிடித்தத்தையும் ஒரே தாளில் காட்டும் செட்டில்மென்ட் ஷீட்டைக் கேளுங்கள். மீதிக்கு மட்டுமே பணம் கைமாற வேண்டும்.

கிராஜுவிட்டி இல்லை என்றதற்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு வருஷமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதே நீதிமன்றம்தான். வாரம் ஆறு நாள் வேலை பார்க்கும் உங்களுக்குப் பத்து மாதத்தில் ஞாயிறுகளைக் கழித்தாலும் 260 நாள் தேறும். சம்பளமில்லாத லீவு நிறைய போட்டிருந்தால் மட்டும் வருகைப் பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து வருஷத்துக்குப் போட்டால் 69,231. இங்கே 26 என்பது சட்டமே சொன்ன எண். எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், முப்பது நாளில் தர வேண்டும். நோட்டீஸ் பாக்கிக்கு இதில் கைவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை, தனியாக நிற்கிற பணம் இது. மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டி அதிகாரியிடம் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் கவலை. கடைசி மாதச் சம்பளம் கைக்கு வராது, புதிய இடத்தின் முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான். விலகியவருக்கு இரண்டு வேலை நாளில் ஊதியம் தர வேண்டும் என்று 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது, அதைச் சுட்டிக் கேளுங்கள். ஆனாலும் ஒன்றரை மாதம் இழுக்கிற கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை மளிகைக் கடைக்கும் வாடகைக்கும் என்ன வழி, உங்கள் ஸ்ரீபெரும்புதூர் ரூமுக்கு அட்வான்ஸ் யார் கொடுப்பது? இதைத்தான் அம்மாவோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் இன்னும் கொடுக்கவில்லை என்றால், இந்த மாதச் சம்பளம் கணக்கில் ஏறிய மறுநாள் கொடுங்கள்.

சங்கிலியை நீங்களே பீரோவில் வைக்க வேண்டாம், அம்மா கையில் கொடுங்கள். ஆர்டர் கிடைத்ததும் அந்தப் பத்தியைப் படமெடுத்து அனுப்புங்கள், கிராஸா பேசிக்கா என்று நானும் பார்க்கிறேன்.