கனவே வராமல் போய்விட்டது, டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: எனக்குத் தினமும் ஏதாவது கனவு வரும். மூன்று மாதமாக ஒன்றுமே இல்லை. எப்போதாவது வந்தாலும் ஆளில்லாத பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்கிறேன், அவ்வளவுதான். விடிகாலை நான்கு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. எதிலும் பிடிப்பில்லை. டாக்டரைப் பார்க்கணுமா?

பதில்: பார்க்க வேண்டும். ஆனால் கனவுக்காக அல்ல, நீங்கள் கடைசியாகச் சொன்ன இரண்டு விஷயங்களுக்காக. கனவே நினைவில் நிற்காதவர்கள் நிறையப் பேர் நலமாகவே இருக்கிறார்கள். தினமும் கனவு கண்டவருக்கு அது நின்று, கூடவே பிடிப்பும் போய், நான்கு மணிக்கு முழிப்பும் வருகிறது என்றால் மனச்சோர்வு நோயா என்று பார்த்துவிடுவது நல்லது.

தெளிவான கனவுகள் பெரும்பாலும் ரெம் தூக்கத்தில் வருகின்றன. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டம் அது. வழக்கமாகத் தூங்கி 90 நிமிடம் போலக் கழித்துத் தொடங்கும்; விடியலை நெருங்க நெருங்க நீளும். மனச்சோர்வில் இது பலருக்குச் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. நான்கு மணிக்கே எழுந்துவிட்டால், கனவு அதிகம் வரும் கடைசிப் பகுதியும் கைவிட்டுப் போகிறது. இதோடு இன்னொன்று: சோர்ந்த மனம் கனவைப் பிடித்து வைத்துக்கொள்வதும் குறைவு. நினைவில் தங்குவதும் சின்னதாக, ஆட்களோ உணர்ச்சியோ அதிகம் இல்லாமல் இருக்கும். உங்கள் பஸ் ஸ்டாண்ட் அந்த வகைதான். அதற்குப் பலன் தேட வேண்டாம்.

சரி, இடையில் புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினீர்களா? மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் பல ரெம் தூக்கத்தைக் குறைப்பவை. அவற்றாலும் கனவு மங்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் அடக்கி வைத்த ரெம் தூக்கம் மொத்தமாகத் திரும்பி, பயங்கரக் கனவுகளாக வந்து நிற்கலாம்.

மனவாட்டமோ பிடிப்பின்மையோ இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் இருந்து, பசி, தூக்கம், வேலை எல்லாம் பாதிக்கப்பட்டால் காத்திருக்க வேண்டாம் என்பது பொதுவான அளவுகோல். உங்களுக்கு அது தாண்டிவிட்டது போலத் தெரிகிறது. குடும்ப மருத்துவரிடமே தொடங்கலாம். தைராய்டும் இரத்தசோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் எழுதுவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே உதவி தேடுங்கள். கெட்ட கனவுகள் திரும்பத் திரும்ப வந்து, கூடவே இந்த நினைப்பும் இருந்தால் இன்னும் அவசரம். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்ணில் பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எப்போது முழிப்பு வருகிறது, என்னென்ன மாத்திரை, மது உண்டா என்பதைச் சொல்லுங்கள். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் பகலில் இப்படித்தான் ஆளைச் சோர்வாக்கும்.