விடை சரி, மதிப்பெண் எங்கே போனது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். மின்சாரக் கணக்கில் விடை சரியாக வந்தும் 5-க்கு 2 தான். ஏன்?

உங்கள் விடைத்தாளையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வையுங்கள். குறிப்பின் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எண் கொடுத்து, அதைப் பெற்றுத்தரும் சொல்லையோ குறியையோ உங்கள் தாளில் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். கோடிட எதுவும் இல்லையென்றால் அந்த மதிப்பெண் போனது. "மனத்தில் தெரிந்திருந்தது" என்பது கணக்கில் வராது.

220 V, 5 A ஹீட்டர் 2 மணி நேரம் ஓடுகிறது. ஆற்றல் என்ன என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். குறிப்பில் P = VI, பிரதியிடல், E = Pt, பிரதியிடல், அலகுடன் விடை என ஐந்து மதிப்பெண்கள். நீங்கள் எழுதியது:

220 × 5 = 1100
1100 × 2 = 2200

இரண்டு பிரதியிடல்களுக்கும் கோடிடலாம். சூத்திரங்கள் இல்லாததால் இரண்டு போயின. 2200 சரியான எண்தான், ஆனால் Wh என்ற அலகு இல்லை; 2.2 kWh என்றும் எழுதியிருக்கலாம். அங்கே ஒன்று போனது.

பிரதியிடல் சரியென்றால் சூத்திர மதிப்பெண்ணும் தரலாம் என்று சில குறிப்புகளில் இருக்கும். அந்த வரியைத் தேடிப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் போங்கள்.